வேறு ஆள் என்று நம்பிக் காரை விற்றேன்: ஒப்பந்தம் செல்லாதா?

கேள்வி: என் காரை 4,20,000 ரூபாய்க்கு விற்றேன். வீட்டுக்கு வந்து வாங்கியவர், தான் எங்கள் ஊரில் பலரும் அறிந்த ஒரு மருத்துவர் என்று சொல்லி, அந்தப் பெயரில் அடையாள அட்டையும் காட்டினார். காசோலையைக் கொடுத்துவிட்டு, காரையும் ஆர்.சி.யையும் நான் கையெழுத்திட்ட படிவங்களையும் எடுத்துச் சென்றார். ஐந்தாம் நாள் காசோலை திரும்பியது. உண்மையான மருத்துவருக்கு இது எதுவுமே தெரியாது. ஒன்பதாம் நாள் போலீசில் புகார் கொடுத்தேன். ஆனால் ஏழாம் நாளே சேலத்தில் ஒருவர் அந்தக் காரை 3,00,000 ரூபாய்க்கு வாங்கிவிட்டார். ஆளையே தவறாக நினைத்து விற்றதால் ஒப்பந்தம் செல்லாது, கார் எனக்கே சொந்தம் என்கிறார் நண்பர். பொதுப் பிழை, பரஸ்பரப் பிழை, ஒருதலைப் பிழை என்று படித்துக் குழம்பிவிட்டேன். என்னுடையது எது?

பதில்:

உங்களுடையது ஒருதலைப் பிழை. நீங்கள் மட்டும்தான் ஏமாந்தீர்கள். வந்தவருக்குத் தான் யார் என்று நன்றாகத் தெரியும். இந்த வகைப் பிழையில், அதுவும் நேருக்கு நேர் நடந்த விற்பனையில், ஒப்பந்தம் செல்லாது என்று நீதிமன்றம் சொல்வது மிக அரிது. மோசடியைக் காரணம் காட்டி ரத்து செய்யும் உரிமை உங்களுக்கு இருந்தது. அதை ஏழாம் நாளுக்கு முன்பே பயன்படுத்தியிருக்க வேண்டும். கார் திரும்பக் கிடைக்கும் என்று உங்களுக்கு நம்பிக்கை ஊட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

‘செல்லாத ஒப்பந்தம்’, ‘ரத்து செய்யத்தக்க ஒப்பந்தம்’ ஆகிய இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் உங்கள் கார் இருக்கிறது. செல்லாதது என்றால் தொடக்கத்திலிருந்தே ஒப்பந்தம் பிறக்கவில்லை. மோசடிக்காரருக்குக் காரின் மீது உரிமை எதுவும் வரவில்லை. தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது என்பது 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 27ஆம் பிரிவின் பொது விதி. அப்படியானால் சேலத்துக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கார் உங்களுடையதே. ரத்து செய்யத்தக்கது என்றால் கதை வேறு. நீங்கள் ரத்து செய்யும்வரை ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறது. உரிமையும் மோசடிக்காரரிடம் இருக்கிறது. அந்த இடைவெளியில் நல்லெண்ணத்துடன், மோசடியை அறியாமல் வாங்கியவருக்கு முழு உரிமை கிடைத்துவிடும் என்று அதே சட்டத்தின் 29ஆம் பிரிவு சொல்கிறது. இரண்டு அப்பாவிகளில் யார் நஷ்டத்தைச் சுமப்பது என்பதே உண்மையான கேள்வி.

முதலில் மற்ற இரண்டு பிழைகளையும் பார்த்து ஒதுக்கிவிடுவோம்.

இரு தரப்பும் ஒரே தவறான நம்பிக்கையில் இருப்பது பொதுப் பிழை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 20ஆம் பிரிவில் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது: ஒரு குதிரையை விற்க இருவர் பேசி முடிக்கிறார்கள், பேசும் நேரத்தில் குதிரை ஏற்கெனவே இறந்துவிட்டது, அது இருவருக்கும் தெரியாது. அந்த உடன்பாடு செல்லாது. ஆனால் பிழை, உடன்பாட்டின் உயிர்நாடியான ஓர் உண்மையைப் பற்றியதாக இருக்க வேண்டும். பொருளின் மதிப்பைத் தவறாகக் கணித்தது இதில் சேராது என்று அந்தப் பிரிவின் விளக்கமே கூறிவிடுகிறது.

இந்த வரம்பு எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு இங்கிலாந்தின் ‘கிரேட் பீஸ்’ வழக்கைச் சொல்லலாம். 1999இல் தென் இந்தியப் பெருங்கடலில் ஒரு சரக்குக் கப்பல் பழுதடைந்தது. உதவிக்கு ‘கிரேட் பீஸ்’ என்ற கப்பலைக் குறைந்தது ஐந்து நாள் வாடகைக்கு எடுத்தார்கள். அது 35 மைல் தொலைவில் இருப்பதாக இரு தரப்பும் நம்பியது. உண்மையில் 410 மைல் தொலைவில் இருந்தது. பொதுப் பிழை, எனவே ஒப்பந்தம் செல்லாது என்று வாதிட்டார்கள். 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தொலைவு தெரிந்த பிறகும் உடனே ரத்து செய்யாமல், அருகில் வேறு கப்பல் கிடைத்த பின்புதான் விலகினார்கள். அப்படியானால் அந்தக் கப்பல் வந்து சேர்வதில் பயன் இருந்திருக்கிறது என்றுதானே பொருள்? ஐந்து நாள் வாடகையைக் கொடுக்க வேண்டியதாயிற்று. எதிர்பார்த்ததைவிடப் பாதகமாக அமைந்தது என்பது போதாது. பேசிய காரியமே நடக்க முடியாததாக இருக்க வேண்டும்.

பரஸ்பரப் பிழை என்பது ஒருவர் ஒன்றையும் மற்றவர் வேறொன்றையும் நினைத்துக்கொண்டு ஒரே சொல்லில் கைகுலுக்குவது. பம்பாயிலிருந்து ‘பியர்லெஸ்’ என்ற கப்பலில் வரும் சூரத் பருத்தியை விற்க ஒப்பந்தமானது. அந்தப் பெயரில் இரண்டு கப்பல்கள் இருந்தன. ஒன்று அக்டோபரிலும் மற்றொன்று டிசம்பரிலும் புறப்பட்டன. விற்றவர் ஒன்றையும் வாங்கியவர் மற்றதையும் நினைத்திருந்தார்கள். 1864இல் வந்த அந்தத் தீர்ப்பில் வாங்கியவர் பருத்தியை ஏற்க வேண்டியதில்லை என்று முடிந்தது. நம் நாட்டில் 1998இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த தர்செம் சிங் வழக்கும் இதே குடும்பம். பஞ்சாபில் ஒரு நில விற்பனை. விலையை ஒருவர் கனால் கணக்கில் நினைத்தார், மற்றவர் பிகா கணக்கில் நினைத்தார். இரண்டும் வெவ்வேறு பரப்பு. குழி என்றால் எத்தனை சதுர அடி என்பது ஊருக்கு ஊர் மாறும் நம் பக்கத்திலும் இது நடக்கக்கூடியதே. உடன்பாடு 20ஆம் பிரிவின்படி செல்லாது என்றும், வாங்கிய முன்பணத்தை 65ஆம் பிரிவின்படி திருப்பித் தர வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. நம் சட்டம் பொதுப் பிழை, பரஸ்பரப் பிழை என்று பெயரிட்டுப் பிரிப்பதில்லை என்பதையும் கவனியுங்கள். ‘இரு தரப்பும் பிழையில் இருந்தால்’ என்ற ஒரே தொடருக்குள் இரண்டும் அடங்கிவிடுகின்றன. உங்கள் குழப்பத்துக்குப் பாதிக் காரணம், இங்கிலாந்துப் பாடநூல்களின் பெயர்களை நம் சட்டத்தின் மேல் வைத்துப் படிப்பதுதான்.

இனி உங்கள் பிழைக்கு வருவோம். 22ஆம் பிரிவு நேராகச் சொல்கிறது: ஒரு தரப்பு மட்டும் பிழையில் இருந்தது என்ற காரணத்தால் மட்டும் ஒப்பந்தம் ரத்து செய்யத்தக்கதாகிவிடாது. உங்களுக்கு ரத்து உரிமை தந்தது உங்கள் பிழை அல்ல, அவருடைய மோசடி. அது 19ஆம் பிரிவு. அடையாளத்தைப் பற்றி இந்தச் சட்டத்தில் தனிப் பிரிவு இல்லை. உள்ளே நுழைய இருப்பது 13ஆம் பிரிவு என்ற ஒரே கதவு: ஒரே பொருளைப் பற்றி ஒரே அர்த்தத்தில் இருவரும் உடன்பட்டால்தான் அது சம்மதம். “நான் அந்த மருத்துவருக்குத்தான் விற்கச் சம்மதித்தேன், இந்த ஆளுக்கு அல்ல” என்று நீங்கள் நிரூபித்தால், சம்மதமே இல்லை, ஆகவே ஒப்பந்தமே இல்லை என்று வாதிடலாம். உங்கள் நண்பர் சொல்வது இந்த வாதத்தைத்தான். அது எங்கே நிற்கும், எங்கே விழும் என்பதை அறிய நம் வழக்கறிஞர்கள் ஆங்கில வழக்குகளைத்தான் புரட்டுகிறார்கள். அவை நம்மைக் கட்டுப்படுத்தாவிட்டாலும், இந்த விஷயத்தில் வழிகாட்டி அவைதாம்.

1918 ஏப்ரலில் லண்டன் ஆக்ஸ்போர்டு தெருவில் ஒரு நகைக் கடைக்கு ஒருவர் வந்தார். 2,550 பவுண்டுக்கு முத்துகளும் 450 பவுண்டுக்கு ஒரு மோதிரமும் எடுத்தார். 3,000 பவுண்டுக்குக் காசோலை எழுதும்போது, தான் சர் ஜார்ஜ் புல்லோ என்று சொல்லி முகவரியும் கொடுத்தார். கடைக்காரர் விவரப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். அந்த முகவரியில் அந்தப் பெயர் இருந்தது. மறுநாள் மனைவியின் பிறந்தநாள் என்று சொல்லி மோதிரத்தை மட்டும் எடுத்துச் சென்ற அந்த ஆள், அதை 350 பவுண்டுக்கு அடகு வைத்தார். வழக்கு கடைக்காரருக்கும் அடகுக்காரருக்கும் இடையே வந்தது. அடகுக்காரர் வென்றார். கடைக்காரர் மோதிரத்தை விற்க நினைத்தது கண்ணெதிரே நின்ற அந்த மனிதருக்குத்தான் என்பது நீதிபதியின் முடிவு. அவர் சர் ஜார்ஜ் என்ற நம்பிக்கை கடனாகக் கொடுக்கத் தூண்டியது, அவ்வளவே.

லூயிஸ் வழக்கைப் படித்தால் உங்கள் கதையையே படிப்பதுபோல் இருக்கும். 1969இல் பிரிஸ்டலில் ஒரு மாணவர் தன் காரை விற்கப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். வந்தவர், தான் நடிகர் ரிச்சர்ட் கிரீன் என்றார். ராபின் ஹுட் வேடத்தால் எல்லோருக்கும் தெரிந்தவர் அவர். 450 பவுண்டுக்குக் காசோலை எழுதினார். மாணவர் தயங்கினார். உடனே வந்தவர் பைன்வுட் படப்பிடிப்பு நிலையத்தின் நுழைவுச் சீட்டை எடுத்துக் காட்டினார். அதில் அவர் படமும் முத்திரையும் இருந்தன. கார் போயிற்று, காசோலை திரும்பியது. இதற்குள் லண்டனில் இன்னொரு மாணவர் அந்தக் காரை 200 பவுண்டுக்கு நல்லெண்ணத்தில் வாங்கியிருந்தார். 1971இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் காரை இரண்டாவது மாணவரிடமே விட்டது. எதிரில் நிற்பவரோடுதான் ஒப்பந்தம் செய்கிறோம் என்று சட்டம் ஊகிக்கும். அந்த ஊகத்தை உடைக்க இங்கே எதுவும் இல்லை என்றது. அடையாள அட்டையைப் பார்த்தது விற்ற மாணவருக்கு உதவவில்லை. அட்டை எதற்குத் தேவைப்பட்டது? அந்த நடிகருக்கே காரைக் கொடுக்க வேண்டும் என்பதற்காக அல்ல, காசோலை செல்லும் என்று மனம் நம்புவதற்காக.

இதற்கு எதிராக உங்கள் நண்பர் இன்கிராம் வழக்கைக் காட்டக்கூடும். இரண்டு சகோதரிகள் காரை விற்கப் பேசுகிறார்கள், 717 பவுண்டு. காசோலை என்றதும் பேச்சே முறிந்துவிட்டது. வந்தவர் உடனே ஒரு பிரமுகரின் பெயரையும் முகவரியையும் சொன்னார். ஒரு சகோதரி அஞ்சலகத்துக்குப் போய்த் தொலைபேசிப் புத்தகத்தில் சரிபார்த்து வந்த பிறகே ஒப்புக்கொண்டார்கள். 1960இல் நீதிமன்றம் இருவருக்கு ஒருவர் என்ற கணக்கில் அந்த ஒப்பந்தம் செல்லாது என்றது. ஆனால் அந்தத் தீர்ப்பு அதன் பிறகு தொடர்ந்து கேள்விக்கு உள்ளாகியிருக்கிறது. லூயிஸ் வழக்கின் நீதிபதிகளும் அதைப் பின்பற்றவில்லை. அதை நம்பி வழக்குப் போடச் சொல்ல மாட்டேன்.

அடையாளப் பிழை உண்மையிலேயே ஒப்பந்தத்தைக் கொல்லும் இடம், நேரில் பார்க்காமல் எழுத்து வழியே செய்யும் ஒப்பந்தம். பெல்பாஸ்டிலிருந்த லிண்ட்சே நிறுவனத்துக்கு லண்டன் வுட் தெருவிலிருந்து கைக்குட்டைகள் கேட்டுக் கடிதம் வந்தது. எழுதியவர் பெயர் பிளென்கார்ன். அதே தெருவில் பிளென்கிரான் என்ற மதிப்புள்ள நிறுவனம் இருந்தது. கையெழுத்தை அந்தப் பெயர்போலத் தோன்றும்படி இட்டிருந்தார். லிண்ட்சே நிறுவனம் சரக்கைப் பிளென்கிரான் பெயருக்கே அனுப்பியது. 250 டஜன் கைக்குட்டைகள் கண்டி என்ற வணிகரிடம் விற்கப்பட்டன. 1878இல், அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, இந்த மோசடிக்காரரைப் பற்றி லிண்ட்சே நினைத்ததே இல்லை, எனவே ஒப்பந்தமே இல்லை என்றது. பணம் கொடுத்து வாங்கிய கண்டிதான் இழந்தார்.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய இன்னொரு வழக்கு 1897இல் வந்தது. அங்கே மோசடிக்காரர் ‘ஹாலம் அண்ட் கோ’ என்று ஒரு கற்பனை நிறுவனத்தின் பெயரில், தொழிற்சாலைப் படம் அச்சிட்ட தாளில் கடிதம் எழுதினார். இதுவும் எழுத்து வழிதான். ஆனால் ஒப்பந்தம் செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. ஏனென்றால் ஹாலம் என்று வேறு யாருமே இல்லை; கடிதம் எழுதியவரோடுதான் ஒப்பந்தம், என்ன பெயரில் எழுதினாலும். ஆகவே, குழம்பிக்கொள்ள இரண்டு உண்மையான ஆட்கள் இருக்க வேண்டும். திருப்பூரில் ஒருவர், தனக்குத் தெரிந்த வாடிக்கையாளரின் மின்னஞ்சலைப்போலவே ஓர் எழுத்து மட்டும் மாறிய முகவரியிலிருந்து வந்த ஆர்டருக்குச் சரக்கு அனுப்பினால், அவர் லிண்ட்சேயின் இடத்தில் இருக்கிறார். இல்லாத ஒரு கம்பெனியின் பெயரில் வந்த ஆர்டரை நம்பி அனுப்பினால் இல்லை.

2003இல் ஷோகன் பைனான்ஸ் வழக்கில் பிரபுக்கள் சபை இந்தக் கோட்டை மறுபடி வரைந்தது. ஒருவர் திருடிய ஓட்டுநர் உரிமத்தைக் காட்டி, அந்த உரிமத்துக்காரரின் பெயரில் வாடகைக் கொள்முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு ஒரு காரை எடுத்து, அதை ஹட்சன் என்பவருக்கு 17,000 பவுண்டுக்கு விற்றுவிட்டார். நிதி நிறுவனம் அந்த ஆளைப் பார்த்ததே இல்லை. தாளில் இருந்த பெயரைத்தான் சரிபார்த்துக் கடன் கொடுத்தது. ஒப்பந்தம் தாளில் உள்ளவரோடு, அவரோ கையெழுத்திடவில்லை, ஆகவே செல்லாது என்று ஐவரில் மூவர் சொன்னார்கள். ஹட்சன் காரை இழந்தார். அப்பாவி வாங்குபவர்தான் காக்கப்பட வேண்டும், எழுத்துக்கும் நேருக்கும் வேறுபாடு தேவையில்லை என்றார்கள் மாறுபட்ட இருவர். என் மனமும் அந்த இருவர் பக்கமே. முன்பின் தெரியாதவரைக் கடன் நம்பி அனுப்பியவர், பணம் கொடுத்து வாங்கியவரைவிட ஏன் கூடுதலாகக் காக்கப்பட வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் பெரும்பான்மைத் தீர்ப்பே சட்டம்.

இப்போது உங்கள் காரை இதில் பொருத்திப் பாருங்கள். பேச்சு உங்கள் வீட்டில், முகம் பார்த்து நடந்தது. அவர் மருத்துவர் இல்லாமல் ஆசிரியராக இருந்து 4,20,000 ரூபாயை ரொக்கமாக எண்ணி வைத்திருந்தால் விற்றிருப்பீர்களா? விற்றிருப்பீர்கள் என்றால், உங்களுக்கு அடையாளம் முக்கியமில்லை. காசோலையின் நம்பகம்தான் முக்கியம். லூயிஸ் வழக்கின் இடத்தில் இருக்கிறீர்கள். விற்பனைத் தாளில் மருத்துவரின் பெயர் இருக்கிறதே என்று ஷோகன் வழக்கை இழுக்க முயலலாம். ஆனால் நேரில் பேசி முடித்த பிறகு எழுதிய ரசீதையும், தாளை மட்டுமே பார்த்துக் கொடுத்த கடனையும் ஒன்றாக எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது நாள் கணக்கு. 1960 ஜனவரி 12இல் கால்டுவெல் என்பவர் தன் ஜாகுவார் காரை விற்றார். 13ஆம் தேதி காசோலை திரும்பியது. ஓடிப்போனவரைத் தேடிப் பிடித்து “ரத்து செய்கிறேன்” என்று சொல்ல முடியாது. ஆகவே உடனே போலீசிடமும் வாகன ஓட்டிகள் சங்கத்திடமும் தெரிவித்தார். 15ஆம் தேதி கார் கைமாறியது. தன்னால் முடிந்ததை வெளிப்படையாகச் செய்துவிட்டார், அதுவே ரத்து என்று நீதிமன்றம் ஏற்றது. கார் அவருக்குத் திரும்பியது. நம் ஒப்பந்தச் சட்டத்தின் 66ஆம் பிரிவு, ரத்து செய்வதை முன்மொழிவைத் தெரிவிக்கும் அதே முறையில் தெரிவிக்கலாம் என்கிறது. ஆகவே கால்டுவெல் வழி இங்கே அப்படியே ஏற்கப்படும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. ஆனாலும் ஐந்தாம் நாள் மாலையே புகார் கொடுத்து, தெரிந்த முகவரிக்கெல்லாம் பதிவுத் தபாலில் ரத்து அறிவிப்பும் அனுப்பியிருந்தால் வாதிட இடம் இருந்திருக்கும். ஒன்பதாம் நாள் செய்தது, ஏழாம் நாள் வாங்கியவரைத் தொடாது.

“காசோலை பணமான பிறகே உரிமை மாறும்” என்று ரசீதில் எழுதியிருந்தால் தப்பித்திருக்கலாமே என்று கேட்பார்கள். அதுவும் முழுக் காவல் அல்ல. வாங்க ஒப்புக்கொண்டவரிடம் விற்பவர் தன் சம்மதத்தோடு பொருளைக் கொடுத்துவிட்டால், அவரிடமிருந்து நல்லெண்ணத்தில் பெற்றவரைச் சரக்கு விற்பனைச் சட்டம் 30(2)ஆம் பிரிவு காக்கிறது. பணம் வரும்வரை சாவியைக் கொடுக்காமல் இருப்பதே காவல்.

முதலில் சொன்ன வாசல் இதுதான். 29ஆம் பிரிவு சேலத்துக்காரரிடம் இரண்டு கேட்கிறது: நல்லெண்ணம் இருக்க வேண்டும், விற்றவரின் உரிமைக் குறையைப் பற்றிய அறிவு இருக்கக் கூடாது. நேர்மையாக நடந்திருந்தால் கவனக்குறைவு இருந்தாலும் அது நல்லெண்ணமே என்பது சட்டத்தின் நிலை. ஆகவே “அவர் சரியாக விசாரிக்கவில்லை” என்பது மட்டும் போதாது. ஆனால் ஆர்.சி. உங்கள் பெயரில் இருந்தது. விற்றவர் நீங்கள் இல்லை. பெயர் மாற்றத்துக்காக நீங்கள் கையெழுத்திட்ட படிவம் 29, 30 இரண்டிலும் வாங்குபவரின் இடம் காலியாக இருந்ததா, அல்லது மருத்துவரின் பெயர் எழுதப்பட்டிருந்ததா? காலியாக இருந்தால் சேலத்துக்காரர், “சொந்தக்காரர் கையெழுத்தோடு இருந்தது, நம்பினேன்” என்பார், அது எடுபடக்கூடியது. மருத்துவரின் பெயர் இருந்து, விற்ற ஆள் தன்னை வேறு பெயரில் சொல்லியிருந்தால், அதைப் பார்த்தும் வாங்கினார் என்பது, குறையை அறிந்தே வாங்கினார் என்பதற்கு மிக அருகில் வந்துவிடும். 4,20,000 ரூபாய்க் கார் 3,00,000 ரூபாய்க்கு ஏன் வந்தது, பணம் வங்கி வழியாகப் போனதா, யார் கணக்குக்குப் போனது, உங்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பாவது செய்தாரா என்பவையும் அதோடு சேரும்.

எனவே ஆள்மாறாட்ட மோசடி வழக்கு ஓடட்டும். அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 319ஆம் பிரிவு. காரைப் போலீஸ் கைப்பற்றி நீதிமன்றம் யாரிடமாவது இடைக்காலப் பொறுப்பில் கொடுத்தால், அது உரிமை பற்றிய தீர்ப்பு அல்ல என்பதை மறக்காதீர்கள். உரிமையைத் தீர்ப்பது உரிமையியல் நீதிமன்றம். அங்கே போகும் முன், சேலத்துக்காரர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்குக் கொடுத்த தாள்களின் நகலை வாங்கி, அந்த இரண்டு படிவங்களில் வாங்குபவர் பெயர் எந்தக் கையெழுத்தில், எந்த மையில் நிரப்பப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.